மயில் கழுத்துச் சேலைக்கு ஏற்ற நிறங்கள்: குடும்பப் படம் எடுத்த அனுபவம்

பெரியம்மா வீட்டுக் குடும்பப் படம் ஒருவழியாக நினைத்தபடி வந்துவிட்டது. எட்டுப் பேர், திண்ணை, காலை நிழல், நடுவில் பெரியம்மாவின் மயில் கழுத்துப் பட்டு. கேமரா, லென்ஸ் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. உடையின் நிறங்களைத் தேர்ந்தெடுத்த கதை மட்டும்தான். அதிலும் பாதிக்கு மேல் அந்த ஒரு சேலையைப் பற்றித்தான் இருக்கும், ஏனென்றால் என்னைப் பாடாய்ப்படுத்தியது அதுதான்.

"நான் அந்தச் சேலைதான்டா கட்டுவேன், மத்தவங்களுக்கு நீ என்ன வேணா சொல்லு" என்று பெரியம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கும் அதுவே வசதி. எட்டுப் பேருக்கும் வெறுமையிலிருந்து நிறம் யோசிப்பதைவிட, மாற்ற முடியாத ஒரு துணியை வைத்து மற்றவற்றைச் சுற்றி அமைப்பது எப்போதும் எளிது. இப்போது கடைகளில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே துணியில் தைத்த செட் விற்கிறார்கள். நேரில் அழகுதான். ஆனால் நெருக்கி உட்கார வைத்துப் படம் எடுத்தால் யார் கை எங்கே முடிகிறது, குழந்தை யார் மடியில் இருக்கிறது என்றே தெரியாமல் எல்லோரும் ஒரே துணி மூட்டையாகிவிடுகிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது.

சரி, சேலைக்கு வருகிறேன். மயில் கழுத்து என்பது ஒரு நிறமே இல்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடு நூல் வேறு நிறம். இந்தச் சேலையில் பாவு நீலம், ஊடு பச்சை. வெளிச்சம் விழும் கோணத்தையும் நாம் பார்க்கும் கோணத்தையும் பொறுத்து ஒன்று மேலோங்கும், மற்றது அடங்கும். நேரில் பார்க்கும்போது துணியும் அசைகிறது, நம் தலையும் அசைகிறது, அதனால் இரண்டும் கலந்து மயில் கழுத்தாகத் தெரிகிறது. படத்திலோ ஒரே கோணம் உறைந்து நிற்கிறது. பெரியம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்துச் சோதனைப் படம் எடுத்தபோது, வெளிச்சம் வரும் பக்கத்துத் தோள் பச்சை, மடியில் விழுந்த கொசுவ மடிப்புகளின் உள்பக்கம் கருநீலம். உடம்பை வாசல் பக்கம் லேசாகத் திருப்பச் சொன்னால் அப்படியே மாறியது.

இதற்குப் பொருத்தமாக மற்றவர்களுக்கு எந்த நீலத்தைக் கொடுப்பது, எந்தப் பச்சையைக் கொடுப்பது? சேலையை எடுத்துக்கொண்டு மேட்சிங் சென்டருக்குப் போனேன். குடும்பப் படத்துக்கு நிறம் தேடுபவர்களுக்கு ஜாக்கெட் பிட் விற்கும் இந்தக் கடைகளைவிட நல்ல இடம் கிடையாது. ஒரே அரக்கில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். கடைக்கார அண்ணன் முந்தானையை மடித்து, டூ பை டூ பிட் ஒன்றை மேலே வைத்து, இரண்டையும் கையில் பிடித்தபடி நேராகத் தெருவுக்கு நடந்தார். கடைக்குள் எல்.இ.டி. வெளிச்சத்தில் அச்சுப் பிசகாமல் பொருந்திய நீலம், வெயில் வெளிச்சத்தில் வேறு நீலமாக நின்றது. இரண்டு துணிகளில் இரண்டு வகைச் சாயம் இருந்தால், ஒரு விளக்கில் ஒத்துப்போவது இன்னொரு விளக்கில் ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை. அதனால்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பிட்டோடு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். "உள்ள பாத்துட்டு வாங்கிட்டுப் போனீங்கன்னா நாளைக்கு மாத்த வருவீங்க தம்பி" என்றார்.

வழி அந்தத் தெருவில்தான் பிடிபட்டது. சேலையின் உடல் பகுதி நிறத்தோடு பொருத்தப் பார்ப்பதே வீண். கரையோடு பொருத்த வேண்டும். இது கோர்வைச் சேலை, கரை அரக்கு. கோர்வையில் கரைக்கென்று தனி நாடா, அதாவது ஊடு நூலைக் கொண்டுபோகும் தறிக் கட்டை, ஓடுவதால், கரையின் பாவும் ஊடும் ஒரே நிறம். அதனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் அரக்கு அரக்காகவே இருக்கிறது. முந்தானையும் அப்படியே. கோர்வை இல்லாத சேலையில் உடலின் ஊடு கரைக்குள்ளும் ஓடும், அங்கே இந்த வழி அவ்வளவு நம்பகமாக வேலை செய்யாது. உங்கள் வீட்டுச் சேலை எது என்று தெரிய, கரையை மட்டும் வெயிலில் பிடித்து மேலும் கீழும் சாய்த்துப் பாருங்கள். நிறம் நகர்ந்தால் அது இரட்டை நிறக் கரை.

ஆக, நீலமும் பச்சையும் பெரியம்மாவுக்கு மட்டும். வேறு யாரும் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று முடிவு செய்தேன். மற்றவர்கள் அரக்கின் உறவுக்குள் வந்தார்கள். அண்ணனுக்கு அரக்குக் குர்தா, அண்ணிக்கு வெங்காயச் சருகு நிறத்தில் காட்டன் சேலை, அக்காவுக்குச் செங்கல் நிறக் கண்டாங்கி, பேத்திக்கு அரக்குக் கரை வைத்த சந்தன நிறப் பாவாடை, பேரனுக்குச் சந்தன நிறச் சட்டை. அக்கா முதலில் மாம்பழ மஞ்சள் கேட்டாள். திண்ணைச் சுவரே வெளிறிய மஞ்சள் சுண்ணாம்பு, அதன் முன்னால் அது எடுபடாது என்று சுவரோரம் துணியைப் பிடித்துக் காட்டியதும் ஒப்புக்கொண்டாள். அத்தானுடைய பொடிக் கட்டம் போட்ட சட்டையையும் விட்டுவிட்டோம். பொடிக் கட்டமும் கேமரா சென்சாரின் புள்ளி வரிசையும் மோதினால் துணிமேல் வானவில் போல அலைகள் வரும், பிறகு அதை நீக்குவது பெரும்பாடு. கண்டாங்கியின் கட்டம் பெரியது, அதற்கு அந்தத் தொல்லை இல்லை. அத்தானுக்கு வெறும் சாம்பல் நிறச் சட்டை.

அப்புறம் பெரியப்பாவின் வெள்ளைச் சட்டை. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் நம் ஊர்க் குடும்பப் படங்களில் பாதியைக் கெடுப்பது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். இன்றைய பளீர் வெள்ளைத் துணிகளிலும் சலவைத் தூள்களிலும் ஒளிரூட்டும் பொருள் ஒன்று சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. வானத்து வெளிச்சம் மட்டும் விழும் நிழலில் ஏற்கெனவே நீலம் அதிகம், அதோடு இதுவும் சேர்ந்தால் சட்டை நீலம் பூத்துத் தெரியும். அதைச் சரிசெய்ய கேமராவின் வெள்ளைச் சமநிலையை, அதாவது எது வெள்ளை என்று அதற்குச் சொல்லும் அமைப்பை, மஞ்சள் பக்கம் நகர்த்தினால் முகங்கள் எல்லாம் செம்மஞ்சளாகிவிடும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். இன்னொரு தொல்லை, படத்தில் வெள்ளைப் பரப்பு அதிகமானால் கேமராவின் மீட்டர் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், நம் மாநிற முகங்கள் இருண்டு போகும்.

கள்ள நோட்டு பார்க்கும் சின்னப் புற ஊதா டார்ச் ஒன்று என்னிடம் உண்டு. விலை மிகக் குறைவு, எலெக்ட்ரிக்கல் சாமான் விற்கும் இடங்களில் கிடைக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பெரியப்பாவின் அலமாரியில் இருந்த சட்டைகள்மேல் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். புதுச் சட்டைகள் எல்லாம் நீலமாக ஜொலித்தன. அடியில் மடித்து வைத்திருந்த ஒரு கதர்ச் சட்டை மட்டும் மங்கலாகக் கிடந்தது. அதுதான் ஹாஃப் வொயிட், அதுதான் வேண்டும். "இது பழசுடா" என்று முணுமுணுத்தவர், ஜரிகைக் கரை வேட்டியோடு போட்டுப் பார்த்ததும் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கதரைத் துவைக்கும்போது சொட்டு நீலம் போட வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லி வைத்தேன். சொட்டு நீலம் ஒளிராது, ஆனால் நீலச் சாயம் சாயம்தான்.

இனி கடைசிச் சோதனை. படம் எடுப்பதற்கு முந்தின நாள், அதே நேரத்தில், எட்டுப் பேரின் உடைகளையும் திண்ணையில் அவரவர் உட்காரும் வரிசைப்படி விரித்து வைத்து ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். நிறம் போனதும் எது கருமை, எது வெளிர் என்பது மட்டும் மிஞ்சும். கண்ணுக்கு வெவ்வேறாகத் தெரியும் இரண்டு நிறங்கள் ஒரே சாம்பலாக வந்தால், அந்த இருவரையும் ஒட்டி வைக்கக்கூடாது என்று அர்த்தம். இங்கே மாட்டியது அண்ணன். பெரியம்மாவின் இடது தோளுக்குப் பின்னால் அவரை நிறுத்துவதாக இருந்தேன். முந்தானை விழுவதும் அந்தத் தோளில்தான். கறுப்பு வெள்ளையில் முந்தானையின் அரக்கும் குர்தாவின் அரக்கும் ஒன்றாகிப் பெரியம்மாவின் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அண்ணனைப் பெரியப்பாவுக்குப் பின்னால் நிறுத்தி, வெங்காயச் சருகுச் சேலையில் அண்ணியைப் பெரியம்மா பக்கம் கொண்டுவந்தேன். உடனே தோளின் கோடு தனியாக எழுந்தது. கதர்ச் சட்டைக்குப் பின்னால் அரக்கு நின்றதால் பெரியப்பாவும் எடுப்பானார். உடை எதையும் மாற்றவில்லை, நிற்கும் இடம் மட்டும்தான் மாறியது.

அந்தப் படத்திலேயே இன்னொன்றும் தெரிந்தது. திண்ணைத் தரை சிவப்பு ஆக்சைடு, வேட்டியின் கீழ்ப்பகுதி அதன் எதிரொளியில் இளஞ்சிவப்பாக இருந்தது. கோரைப் பாய் ஒன்றைக் காலடியில் விரித்தோம், போய்விட்டது.

படம் எடுத்த அன்று வேலை மளமளவென்று முடிந்தது. சாம்பல் அட்டையைப் பெரியம்மா முகத்தருகே பிடித்து வெள்ளைச் சமநிலையைப் பூட்டிவிட்டேன். தானியங்கியில் விட்டால், சட்டகத்தில் அரக்கு கூடும்போதும் குறையும்போதும் ஒவ்வொரு படத்திலும் ஒரு நிறம் வரும். பெரியம்மாவை வெளிச்சத்துக்குக் கால் பங்கு திரும்ப வைத்ததில், தோள் பச்சையாகவும் மடி நீலமாகவும், இரண்டும் கண் முன்னே கலந்து நிற்கிற ஒரு நிலை கிடைத்தது. நான் எடுத்த பட்டுச் சேலைப் படங்களில் இதுதான் முதலிடம், இதைத் தயங்காமல் சொல்வேன்.

பிரிண்ட் இன்னும் போடவில்லை. மயில் கழுத்தின் அந்த அடர்ந்த நீலப்பச்சை, லேபில் போடும் சாதாரணப் பிரிண்டில் அப்படியே வராது, கொஞ்சம் மங்கித்தான் வரும். எவ்வளவு மங்குகிறது என்று பார்க்க, சேலைப் பகுதியை மட்டும் வெட்டி மேட் தாளிலும் பளபளப்புத் தாளிலும் சிறிய அளவில் போடச் சொல்லியிருக்கிறேன். இதற்குள் சின்னம்மா போன் செய்து, தங்கள் வீட்டுப் படத்துக்கு வாடாமல்லி நிறச் சேலை எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். அது கோர்வையா என்று கேட்டிருக்கிறேன், கரையை வெயிலில் சாய்த்துப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.