முடிவுரையில் மூன்று கோடுகள்

ஆறாம் படிவத்தில் வரலாறு எடுத்திருந்தேன். பட்டர்வொர்த்தில் டியூஷன். ஒரு நாள் வந்த கேள்வி: மலாயாவுக்குத் தமிழர் வந்ததில் கங்காணி முறை எந்த அளவுக்கு முக்கியம்? கங்காணி என்றால், தன் ஊரிலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வருபவர். பரீட்சையில் மலாயில்தான் எழுத வேண்டும், 'எந்த அளவுக்கு' என்று பொருள்படும் 'செஜாவ் மனாகா' என்று தொடங்கும் கேள்வி.

என் முடிவுரை இப்படி இருந்தது: "ஆகவே, கங்காணிகள் தங்கள் ஊரிலிருந்து ஆள் சேர்த்தனர். 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதி பயணச் செலவைத் தந்தது. ரப்பர் வளர்ச்சியும் ஒரு காரணம். எனவே கங்காணி முறை மிக முக்கியமானது."

டீச்சர் பென்சிலை எடுத்து, முதல் மூன்று வாக்கியங்களிலிருந்தும் அவை ஏற்கெனவே வந்த பத்திகளுக்குக் கோடு இழுத்தார். "மிச்சம் என்ன இருக்கு, பாரும்மா" என்றார். மிச்சம் 'மிக முக்கியமானது' மட்டும்தான். அதுவும் எதைவிட முக்கியம், எதற்கு முக்கியம் என்று சொல்லாத முக்கியம்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் எனக்கு வழி காட்டியது: "கங்காணி இல்லாமப் போயிருந்தா எது மாறியிருக்கும், எது மாறியிருக்காது?"

யோசித்தேன். ஆள் தேவையை உண்டாக்கியது ரப்பர். 1930இல் ரப்பர் விலை விழுந்தபோது ஆள் சேர்ப்பு நின்றது, பலர் ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். கங்காணியால் அதைத் தடுக்க முடியவில்லை. 1938இல் இந்திய அரசு தடை போட்டதும் முறையே முடிந்தது. அப்படியென்றால் எத்தனை பேர் வருவார்கள் என்பது அவர் கையில் இல்லை. ஆனால் யார் வருவார்கள் என்பது பெரும்பாலும் அவர் கையில்தான் இருந்தது. தோட்டத்தில் வேலை செய்தவரே தன் ஊருக்குப் போய், உறவையும் தெரிந்தவர்களையும் குடும்பத்தோடு அழைத்து வந்தார். லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரே ஊர்க்காரர்கள் இருந்தது அதனால்தான்.

திருத்தி எழுதியது இது: "வந்தவர் எண்ணிக்கையை ரப்பர் விலையும் அரசுகளும் தீர்மானித்தன; அதில் கங்காணி ஒரு கருவி மட்டுமே. ஆனால் வந்தவர்கள் தனித்தனிக் கூலிகளாக இல்லாமல், உறவும் ஊரும் சேர்ந்த சமூகமாகத் தோட்டத்தில் நிலைத்ததற்கு வேறெதையும்விட அவரே காரணம்."

இரண்டே வாக்கியம். 1930, 1938 விவரங்கள் கட்டுரையின் உடலில் முன்பே இருந்தன. இங்கே அவற்றைத் திரும்பச் சொல்லவில்லை, எடை போட மட்டும் பயன்படுத்தினேன். அவை உடலில் இல்லாதிருந்தால் இந்தத் தீர்ப்பு அந்தரத்தில் தொங்கியிருக்கும். சிலர் கடைசிப் பத்தியில் புதுத் தகவலைத் திணித்து அதைத்தான் மதிப்பீடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் தப்பு.

பரீட்சையில் நேரம் ஓடிவிடும் என்பதால், உடலைத் தொடங்கும் முன்பே 'எத்தனை பேர் – இல்லை, யார் – ஆமாம்' என்று கேள்வித்தாள் ஓரத்தில் கிறுக்கி வைத்துக்கொள்வேன். முடிவுரைக்கு வரும்போது பழைய பத்திகளைப் புரட்டத் தேவையிருக்காது.