50க்கு 31: மறுமதிப்பீடு கேட்டு எழுதிய மின்னஞ்சல்

வெப்ப இயக்கவியல் இடைத்தேர்வில் எனக்கு வந்தது 50க்கு 31. நாற்பதை ஒட்டி வரும் என்று நினைத்திருந்தேன். நினைத்த அளவு வரவில்லை என்பதை வைத்து மறுமதிப்பீடு கேட்க முடியாது. விடைத்தாளில் எந்த இடத்தில் மதிப்பெண் போயிருக்கிறது, அது ஏன் போயிருக்கக் கூடாது என்று காட்டினால்தான் பேச்சுக்கே இடம் உண்டு.

இதை என் வகுப்பு நண்பனுக்கு வந்த பதில் நன்றாகப் புரிய வைத்தது. மதிப்பெண் வெளியான கையோடு அவன் எழுதிவிட்டான்: நன்றாகத்தான் எழுதியிருந்தேன், இவ்வளவு குறையும் என்று எதிர்பார்க்கவில்லை, தயவுசெய்து மறுபடி பாருங்கள். பணிவாகத்தான் கேட்டிருந்தான். வந்த பதில்: "கூட்டல் சரிபார்க்கப்பட்டது. மாற்றம் இல்லை." பேராசிரியரைக் குறை சொல்ல முடியாது. எந்தக் கேள்வி, எந்தப் பக்கம் என்று சொல்லாமல் கேட்டால், அட்டையில் உள்ள எண்களைக் கூட்டிப் பார்ப்பதைத் தவிர அவர் என்ன செய்வார்? அவன் கேட்க நினைத்தது மறுமதிப்பீடு, அவனுக்குக் கிடைத்தது மறுகூட்டல்.

நான் விடைத்தாளைப் பார்க்கும் நாள் வரை காத்திருந்தேன். எங்கள் துறையில் அதற்கென்று நேரம் ஒதுக்குவார்கள். விடைத்தாளைக் கையில் தருவார்கள், எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று போட்ட விடைக்குறிப்பையும் மேசையில் வைத்திருப்பார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. அதனால் ஒரு தாளில் பக்க எண், வரி, நான் எழுதியிருந்தது, சிவப்பு மையில் போட்டிருந்தது ஆகியவற்றை அப்படியே குறித்துக்கொண்டேன். மின்னஞ்சலில் பாதி அங்கேயே எழுதி முடிந்துவிட்டது என்று சொல்லலாம்.

மூன்று இடங்கள் உறுத்தின.

முதலாவது, 2ஆம் கேள்வி. ஓர் ஓரணு நல்லியல்பு வாயு 100 கிலோபாஸ்கல் மாறா அழுத்தத்தில் 2 லிட்டரிலிருந்து 5 லிட்டராக விரிகிறது, 750 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. (அ) பகுதியில் வேலையையும் (ஆ) பகுதியில் அக ஆற்றல் மாற்றத்தையும் கேட்டிருந்தார்கள், பகுதிக்கு மூன்று மதிப்பெண். வேலையின் அளவு, அழுத்தத்தைப் பருமன் மாற்றத்தால் பெருக்கினால் வரும் 300 ஜூல். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிக்கல் குறியில்தான். அமைப்பு செய்யும் வேலையை நேர்க்குறியாக எடுத்தால் முதல் விதி ΔU = Q − W என்று வரும். அமைப்பின் மீது செய்யப்படும் வேலையை நேர்க்குறியாக எடுத்தால் ΔU = Q + W. இயற்பியல், பொறியியல் புத்தகங்கள் பலவற்றில் முதலாவது உண்டு. வேதியியலில் இரண்டாவதுதான் வழக்கம். எந்த வழியில் போனாலும் அக ஆற்றல் 450 ஜூல்தான் கூடும். நான் முதல் வழியில் போட்டு, "W என்பது வாயு செய்யும் வேலை" என்று மேலே ஒரு வரியும் எழுதியிருந்தேன். விடைக்குறிப்பில் இருந்தது −300. திருத்தியவர் என் +300ஐ அடித்து மூன்றுக்கு ஒன்று தந்திருந்தார். (ஆ) பகுதியில் 750 − 300 என்பதில் இருந்த கழித்தல் குறியைச் சுற்றி வட்டம் போட்டு, விடை 450 என்று சரியாக வந்ததற்காக அங்கேயும் ஒன்று.

இரண்டாவது, 6(ஆ). இடம் போதாமல் விடைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தில் சிவப்பு மையே இல்லை, ஒரு டிக் கூடக் கிடையாது. அட்டைக் கட்டத்தில் 6(ஆ) காலியாக இருந்தது. படித்துப் பார்த்துப் பூஜ்யம் போட்டிருந்தால் 0 என்று எழுதியிருப்பார்கள். பக்கத்தைப் புரட்டவில்லை என்பதற்குக் காலிக் கட்டத்தைவிட நல்ல அடையாளம் இல்லை.

மூன்றாவது, 4ஆம் கேள்வியில் ஒரு விளக்க விடை. நாலுக்கு இரண்டு. மூன்று தந்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் விடைக்குறிப்போடு ஒப்பிட்டபோது, இரண்டு என்பதும் நியாயமாகவே பட்டது. அது திருத்துபவரின் கணிப்புக்கு உட்பட்ட இடம். அதைக் கேட்டால் மற்ற இரண்டு கோரிக்கைகளும் பேரம் போலத் தோன்றிவிடும். விட்டுவிட்டேன். நண்பர்கள் சிலர் "கேட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?" என்றார்கள். என்னைக் கேட்டால் நஷ்டம் உண்டு: உறுதியான காரணத்துக்குப் பக்கத்தில் உறுதியில்லாத ஒன்றை வைத்தால், படிப்பவர் இரண்டையும் ஒரே சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

இனி மின்னஞ்சல். விடைத்தாள் பார்த்த அன்று மாலையே எழுதி, மறுநாள் காலையில் ஒருமுறை படித்துவிட்டு அனுப்பினேன். மறுமதிப்பீட்டுக்குக் கடைசித் தேதி இருந்ததால் அதற்கு மேல் தள்ளிப்போடவில்லை.

> பொருள்: வெப்ப இயக்கவியல் இடைத்தேர்வு – கேள்வி 2, 6(ஆ) மறுமதிப்பீட்டு வேண்டுகோள் – பதிவு எண் (…)
>
> மதிப்பிற்குரிய மேடம்,
>
> வணக்கம். நேற்று விடைத்தாளைப் பார்வையிட்டேன். விடைக்குறிப்புடன் ஒப்பிட்டதில் இரண்டு இடங்களை மட்டும் மறுபடி பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> 1. கேள்வி 6(ஆ), 5 மதிப்பெண். விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ளது. 11ஆம் பக்கத்தின் அடியில் "தொடர்ச்சி கடைசிப் பக்கம்" என்று குறித்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் திருத்தக் குறிகள் இல்லை. அட்டையில் 6(ஆ) கட்டமும் காலியாக உள்ளது. இந்த விடை பார்வைக்கு வராமல் போயிருக்கலாம் என்று நினைக்கிறேன்.
>
> 2. கேள்வி 2(அ), 2(ஆ), பக்கம் 3. பெற்றது 6க்கு 2. விடைக்குறிப்பில் வேலை −300 ஜூல் என்று உள்ளது. நான் W என்பதை வாயு செய்யும் வேலையாக எடுத்து (பக்கம் 3, முதல் வரி) +300 ஜூல் என்று எழுதியுள்ளேன். கேள்வியில் "வேலையைக் கணக்கிடுக" என்று மட்டுமே இருந்தது. வாயு செய்யும் வேலையா, வாயுவின் மீது செய்யப்படும் வேலையா என்று குறிப்பிடப்படவில்லை. (ஆ) பகுதியின் 750 − 300 என்பதும் இதே குறிமரபைப் பின்பற்றியது. முடிவு விடைக்குறிப்பில் உள்ள 450 ஜூலுடன் ஒத்துப்போகிறது. இந்தக் குறிமரபை ஏற்கலாமா என்பதைத் தாங்கள் பரிசீலிக்க வேண்டுகிறேன்.
>
> மறுமதிப்பீட்டில் மதிப்பெண் கூடவோ குறையவோ செய்யலாம் என்பதை அறிவேன். நேரில் வர வேண்டுமென்றால் தாங்கள் சொல்லும் நேரத்தில் வருகிறேன்.
>
> நன்றி.
> (பெயர், பதிவு எண், பிரிவு)

6(ஆ)வை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பக்கத்தைப் புரட்டினாலே தெரிந்துவிடும் விஷயம் அது, வாதமே தேவையில்லை. அதைப் பார்க்க விடைத்தாளைக் கையில் எடுத்தவர் அப்படியே மூன்றாம் பக்கத்துக்கும் போவார். குறிமரபு விஷயம் அப்படியல்ல, அவர் யோசித்து முடிவெடுக்க வேண்டியது. அதனால்தான் "ஏற்கலாமா" என்று கேள்வியாக விட்டேன். என் வழியும் சரி என்று எனக்கு நிச்சயம்தான். ஆனால் வகுப்பில் எந்த மரபைக் கற்பித்தார்களோ அதையே எழுத வேண்டும் என்று ஆசிரியர் சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது. கேள்வித்தாளின் வாசகம் மட்டும்தான் என் பக்கம் இருந்தது, அதையே எடுத்துக்காட்டினேன்.

புத்தகங்களின் பெயர்களை அடுக்கவில்லை. பாடத்தை நடத்துபவருக்கு இரண்டு மரபுகளும் தெரியும். அவருக்கே பாடம் எடுப்பது போல ஆகிவிடும். திருத்தியவரைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எங்கள் தாள்களைத் திருத்துவது ஆராய்ச்சி மாணவர்கள், குறிப்பில் −300 என்று இருந்தால் அவர்கள் −300ஐத்தான் தேடுவார்கள். உதவித்தொகைக்கு இந்த மதிப்பெண் தேவை என்பது உண்மைதான், அதையும் சேர்க்கவில்லை. அதைப் படித்து அவர் இரக்கப்படலாம், ஆனால் அதற்காக மதிப்பெண் போட அவருக்கு வழி கிடையாது.

பதில் சில நாட்களில் வந்தது. 6(ஆ)வைத் திருத்தி ஐந்துக்கு நான்கு தந்திருந்தார். 600 கெல்வினுக்கும் 300 கெல்வினுக்கும் இடையே இயங்கும் கார்னோ எந்திரத்தின் திறன் 0.5 என்பது சரி. உண்மையான எந்திரத்தின் திறன் அதைவிடக் குறைய இரண்டு காரணங்கள் கேட்டதற்கு நான் உராய்வை மட்டும் எழுதியிருந்தேன். 2(அ)வில் குறிமரபை எழுதியிருந்ததால் முழு மூன்று. 2(ஆ)வில் ஒன்று மட்டும் கூடியது. முதல் விதியைச் சமன்பாடாக எழுதுவதற்கு அங்கே ஒரு மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறார்கள், நான் நேராக எண்களுக்குப் போய்விட்டேன், அதைத் தர இயலாது என்று எழுதியிருந்தார். சரிதான். ஆக 31 என்பது 38 ஆயிற்று.

கதை அதோடு முடியவில்லை. விடைத்தாளில் மாறிய மதிப்பெண் இணையதளத்தில் மாறவில்லை, அங்கே 31தான் நின்றது. ஆசிரியர் திருத்தினாலும் பதிவேற்றுவது அலுவலகம், நடுவே தாள் எங்கோ தங்கிவிடும். புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்காமல் மேடத்தின் பதிலுக்குக் கீழேயே எழுதினேன்: "நன்றி மேடம். 38 என்று திருத்தியதாகத் தெரிவித்திருந்தீர்கள். இணையதளத்தில் இன்னும் 31 என்று உள்ளது. அலுவலகத்தை நான் அணுக வேண்டுமா?" பழைய கடிதம் கீழேயே இருந்ததால் அவர் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. அதையே அலுவலகத்துக்கு அனுப்பி எனக்கும் நகல் போட்டார். இறுதிப் பட்டியல் மூடுவதற்கு முன் இணையதளத்திலும் 38 ஏறிவிட்டது.