ஜிப்பா, பட்டனா?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இருக்கும் நைட்டிக் கடைக்கு இன்ஸ்டாகிராம் பதிவு எழுதுவது என் வேலை. தீபாவளிக்குத் துணி வெட்டுவதற்கு முன், "முன்பக்கம் ஜிப் வேண்டுமா, பட்டன் வேண்டுமா?" என்று கேட்டிருந்தேன். நீளமான பதிவில் முதல் வரிகள் மட்டுமே கண்ணில் படும் என்பதால் கேள்வியை முதலில் வைத்து, விலையைக் கீழே தள்ளினேன். ஸ்டோரியில் அதையே வாக்கெடுப்பாகவும் போட்டேன். 24 மணி நேரத்தில் ஸ்டோரி மறைவதற்குள் ஜிப் வெகுதூரம் முந்திவிட்டது.

பதிவின் கீழே ஒரு பெண் வேறு ஒன்றை எழுதியிருந்தார்: "எதுவானாலும் சரி, பக்கத்தில் ஒரு பை வையுங்கள். போனை எங்கே வைப்பது?" அதற்கு விழுந்த இதயக்குறிகள் மற்ற எந்தப் பதிலுக்கும் விழவில்லை. நான் உடனே, "குறித்துக்கொண்டோம்" என்று பதில் எழுதினேன்.

கடைக்கார அண்ணனிடம் காட்டினேன். "நீ கேட்டது ஜிப்பா, பட்டனா என்று. அதற்குப் பதில் வந்துவிட்டது. பையை யாரம்மா கேட்டது?" என்றார். பைக்குத் தனித் துணி, தனித் தையல். மொத்த விலையில் கொடுக்கும் நைட்டிக்கு அது கட்டாது என்றார். அது எனக்கும் தெரியும். ஆனால் வாக்குப் போட்டவர்களின் பெயர்ப் பட்டியலைத் திறந்து பார்த்திருந்தேன். அதில் தையல்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், என் கல்லூரித் தோழிகள் எல்லாம் இருந்தார்கள். நைட்டி வாங்கவே வாங்காதவருக்கும் ஜிப்பைத் தொட ஒரு நொடி போதும். பை வேண்டும் என்று எழுதியவர் தட்டச்சு செய்யும் சிரமத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். அண்ணனிடம் இதையும் சொன்னேன். "வாக்குப் போட்டவர்கள் வாங்க மாட்டார்கள் என்றால், இதயம் போட்டவர்கள் மட்டும் வாங்குவார்களா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

ஜிப் வைத்தே வெட்டினார்கள். நன்றாகத்தான் விற்றது. பட்டன் வைத்திருந்தாலும் தீபாவளிக் கூட்டத்தில் விற்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் வாக்கெடுப்பு எதைச் சொன்னது?

பிறகு அந்தப் பெண் அதே இடத்தில், "பை வைத்தது வந்துவிட்டதா?" என்று கேட்டிருந்தார். 'குறித்துக்கொண்டோம்' என்றால் தைக்கிறோம் என்று பொருளில்லை; நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்ட கடையே அப்படிச் சொன்னால், படிப்பவர் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? "இந்த முறை இல்லை" என்று எழுதினேன். அடுத்த முறை உண்டா என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த வாக்கெடுப்பில் 'வேறு ஏதாவது' என்று மூன்றாவது தேர்வு வைக்க அண்ணன் ஒத்துக்கொண்டார். ஆனால் கீழே வரும் பதில்களுக்கு இனி தன்னைக் கேட்காமல் எதுவும் எழுதக் கூடாது என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் பார்த்துச் சொல்வதற்குள் ஒரு நாள் ஓடிவிடும், அதற்குள் கேட்டவர் போய்விடுவார்.