கொண்டை ஊசி வளைவுகளில் சாலைக் கோடுகளை இணைத்தல்

வரைபடத்தில் இரண்டு சாலைகள் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரிந்தால், வண்டி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்ப முடியும் என்று கண் தானாகவே முடிவு செய்துவிடுகிறது. வழி கண்டுபிடிக்கும் மென்பொருள் கண்ணால் பார்ப்பதில்லை. ஒரு கோடு எந்த நோடில், அதாவது எந்த முனைப் புள்ளியில், தொடங்கி எந்த நோடில் முடிகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். சேலத்திலிருந்து ஏற்காடு மலைக் கிராமங்களுக்குச் செல்லும் மருத்துவ வேன்களுக்காகச் சாலைக் கோடுகள் அடங்கிய லேயர் ஒன்றைச் சீர்செய்யும் பணியில் இருந்தபோது, இந்த ஒரு வேறுபாட்டோடுதான் எங்கள் நேரத்தில் பெரும்பகுதி சென்றது.

ஏற்காட்டிலிருந்து நாகலூர் பக்கமாகச் செல்லும் சாலையில் பிரியும் ஒரு கிளைச் சாலை, அதன் முடிவில் ஒரு சிற்றூர். ஏற்காட்டிலிருந்து அந்த ஊருக்கு வழி கேட்டால் விடை வெறுமையாக வந்தது. திரையில் கிளைச் சாலை பெரிய சாலையைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கிளையின் முனைக்கும் பெரிய சாலைக்கும் நடுவே 40 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தது. வேறெந்தக் கோட்டோடும் சேராமல் இப்படித் தனித்து நிற்கும் முனையைத்தான் டேங்கிள் என்கிறோம். முனையை நகர்த்திப் பெரிய சாலையின் மீது ஸ்நாப் செய்தோம். அதன் பிறகும் விடை வெறுமையாகவே வந்தது.

காரணம், பெரிய சாலை அந்த இடத்தில் வெட்டப்படாமல் ஒரே கோடாக நீண்டு கிடந்தது. கிளையின் முனை அதன் நடுவில் எங்கோ படிந்திருந்தது. ஆனால் பெரிய சாலைக்கு அங்கே நோடே இல்லை. ஆகவே ஸ்நாப் செய்வது பாதி வேலைதான். பெரிய சாலையை அதே புள்ளியில் இரண்டு துண்டுகளாகப் பிரித்தால்தான் மூன்று கோடுகளும் ஒரே நோடைப் பகிர்ந்துகொள்ளும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. கோட்டின் மீது மிக அருகில் உள்ள இடமாக PostGIS தரவுத்தளத்தின் `ST_ClosestPoint` தரும் புள்ளி, தசமக் கணக்கின் தோராயத்தால், கோட்டின் மீது மிகத் துல்லியமாக அமையாமல் போகலாம். அப்போது கோட்டை வெட்ட வேண்டிய `ST_Split` எதையும் வெட்டாமல் கோட்டை அப்படியே திருப்பித் தந்துவிடும். `ST_LineLocatePoint` கொண்டு அந்தப் புள்ளி கோட்டின் எத்தனையாவது பங்கில் இருக்கிறது என்று கண்டு, `ST_LineSubstring` மூலம் இரு துண்டுகளாக எடுத்து, மூன்று முனைகளுக்கும் ஒரே ஆயத்தொலைவைக் கொடுப்பதே நம்பகமான முறை என்று எங்கள் பணியில் கண்டோம்.

இதற்கெல்லாம் முன்பே லேயரை மீட்டர் அலகுக்கு மாற்றியாக வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை அலகில் இருக்கும் லேயரில் 5 என்று எழுதினால் அது 5 மீட்டர் அல்ல, 5 பாகை. மொத்த மாவட்டத்தையும் விழுங்கிவிடும் தூரம். சேலம் நகரமும் ஏற்காடும் 78 பாகை தீர்க்கரேகைக்குச் சற்றுக் கிழக்கே இருப்பதால், மீட்டரில் அளக்கும் `EPSG:32644` ஆயத்தொலைவு அமைப்பு பொருந்துகிறது. மேட்டூர் அந்தக் கோட்டுக்கு மேற்கே, அடுத்த மண்டலத்தில் விழுந்தாலும், ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒரே அமைப்பை வைத்துக்கொள்வதில் இந்த வேலைக்குப் பாதகம் எதுவும் இல்லை.

அடுத்த கேள்வி, எத்தனை மீட்டர் வரை தானாக இணைக்க விடலாம் என்பது. உடன் பணிபுரிந்த இளைஞர், “சார், 10 மீட்டர் கொடுத்துட்டா எல்லா டேங்கிளும் ஒரே அடியா சேர்ந்துடுமே” என்றார். சமவெளியில், தெருக்கள் விலகி நிற்கும் இடங்களில், அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே வரும். சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அத்தகைய ஒவ்வொரு வளைவை ஒட்டியும் மேல் சாலையும் கீழ்ச் சாலையும், மேலிருந்து பார்க்கும்போது, சில மீட்டர் இடைவெளியில் அருகருகே ஓடுகின்றன. இடையில் இருப்பதோ தடுப்புச் சுவரும் சரிவும். போதாததற்கு, காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்களின் கீழ் ஜி.பி.எஸ். பதிவே பல மீட்டர் விலகிப்போகிறது. பிழையின் அளவும் இரு சாலைகளின் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும் இடத்தில், எந்த ஒற்றை எண்ணும் நியாயமான அளவாக இருக்க முடியாது.

அதனால் இணைக்காமல், டேங்கிள்களை `dead_ends` என்ற அட்டவணையில் வைத்து, முதலில் பட்டியல் மட்டும் எடுத்தோம்:

```sql
SELECT d.id, r.id, ST_Distance(d.geom, r.geom) AS gap
FROM dead_ends d
JOIN roads r ON ST_DWithin(d.geom, r.geom, 15)
WHERE r.id <> d.road_id
ORDER BY gap;
```

இந்தப் பட்டியலில் வந்த ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கேள்வி கேட்டோம்: இப்போதுள்ள வலையமைப்பிலேயே இந்த முனையிலிருந்து எதிரே தெரியும் சாலைக்குப் போக எவ்வளவு தூரம் ஆகிறது? நாகலூர்ப் பக்கத்துக் கிளையில் இடைவெளி 40 சென்டிமீட்டர். போக வழியே இல்லை, ஏனென்றால் கிளை தனித் தீவாகக் கிடந்தது. ஓர் ஊர் முழுவதும் சாலையே இல்லாமல் துண்டாக இருப்பது இயற்கையல்ல என்பதால், அங்கே இணைப்பு விடுபட்டிருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. மலைப்பாதையில் கண்ட இன்னொரு முனையோ வேறு வகை. மேல் சாலையிலிருந்து இறங்கும் ஓர் எஸ்டேட் பாதை, கீழ்ச் சாலைக்கு 7 மீட்டர் முன்பாக நின்றுவிடுகிறது. வலையமைப்பின் வழியாகச் சுற்றிப் போனால் அந்த 7 மீட்டரைக் கடக்க 900 மீட்டர் ஆகிறது. ஏற்கெனவே இணைந்திருக்கும் ஒரு பகுதிக்குள் இவ்வளவு பெரிய குறுக்குவழி பிறக்கிறது என்றால், அது உண்மையான சாலையாகவும் இருக்கலாம், சரிவுக்கு நடுவே நாம் போடும் பொய்ச் சாலையாகவும் இருக்கலாம். கணினி அதைச் சொல்லாது.

உயர வித்தியாசத்தைப் பார்த்து முடிவு செய்யலாமே என்று தோன்றும். எளிதில் கிடைக்கும் உயரத் தரவுகள் ஏறத்தாழ 30 மீட்டர் கட்டங்களாக இருப்பதால், மேல் சாலையும் கீழ்ச் சாலையும் ஒரே கட்டத்துக்குள் விழுந்து ஒரே உயரத்தைக் காட்டிவிடுகின்றன. செயற்கைக்கோள் படத்தில் மரங்கள் மறைத்துவிட்டன. கடைசியில் அந்தப் பாதையில் பழகிய வேன் ஓட்டுநரிடம் கேட்டோம். “அது பங்களா வாசலோட முடிஞ்சுதுங்க. அதுக்குக் கீழ காப்பிச் செடிக்குள்ள நடந்துதான் இறங்கணும்” என்றார். அந்த முனையை அப்படியே விட்டோம்.

தூரத்தை மட்டும் நம்பி இணைத்திருந்தால் அந்தப் பிழை எப்படி வெளிப்பட்டிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இணைப்பு விடுபட்டால் விடை வெறுமையாகவோ நீண்ட சுற்றாகவோ வந்து பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பொய் இணைப்பு அப்படியல்ல. அது நல்ல விடை போலவே, நேரமும் குறைவாகக் காட்டி வரும். அந்த நேரத்தை நம்பி வேன் புறப்பட்டிருக்கும். இரண்டில் எது தீங்கு என்று கேட்டால், தயக்கமின்றிப் பொய் இணைப்பையே சொல்வேன். சேலம் ஐந்து ரோடு மேம்பாலத்திலும் இதே ஆபத்து இருக்கிறது: கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்திலெல்லாம் நோடு போட்டால், பாலத்தின் மேலே செல்லும் வண்டி நடுவழியில் கீழே இருக்கும் சாலைக்குத் திரும்பிவிடும். பாலக் கோடுகளைத் தனியே குறித்து, அவற்றை முனைகளில் மட்டும் இணைக்க வேண்டும்.

சந்திப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு வால்களை நீக்குவது எளிது. சந்திப்பில் வெட்டிய பின், ஒரு முனை தனித்து நிற்கும் 2 மீட்டருக்குக் குறைவான துண்டுகளை நீக்கினால் போதும். அதை ஒருமுறைக்கு மேல் ஓட்டக் கூடாது. சிறு சிறு துண்டுகளால் ஆன உண்மையான முட்டுச் சாலை, ஒவ்வொரு சுற்றிலும் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும்.

விட்டுவைத்த முனைகளுக்கு `dead_ends` அட்டவணையில் ஒரு பத்தியைச் சேர்த்து, இது உண்மையான முடிவு என்பதையும், யாரிடம் கேட்டு அல்லது எந்தப் படத்தைப் பார்த்து முடிவு செய்தோம் என்பதையும் எழுதினோம். இணைக்கும் நிரல் அந்தப் பத்தி நிரம்பியிருக்கும் முனைகளைத் தொடாது. புதிய ஜி.பி.எஸ். பதிவுகள் வந்து லேயரை மறுபடி ஓட்டும்போது, அந்த 7 மீட்டர் முனை மீண்டும் பட்டியலில் வரும். பக்கத்திலேயே “பங்களா வாசல், ஓட்டுநர் உறுதி செய்தார்” என்ற குறிப்பும் வரும்.