ஸ்லாக் பாசிட்டிவ், ஆனாலும் தொங்கிய போர்டு

ஒரு வழியாக அந்த போர்டு தொங்காமல் ஓடுகிறது. எரிச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை. இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

இன்னொருவர் தொடங்கி என் கைக்கு வந்த எஃப்.பி.ஜி.ஏ. டிசைன் அது. வெளியே ஒரு ஏ.டி.சி. தன் சொந்தக் கிளாக்கில் ஓடி, ஒவ்வொரு சாம்பிளுக்கும் DRDY என்ற சிக்னலைத் தூக்கும், விநாடிக்குச் சுமார் பத்து லட்சம் தடவை. உள்ளே 100 MHz கிளாக்கில் ஒரு ஸ்டேட் மெஷின் அதைப் பார்த்து டேட்டாவை எடுத்துக்கொள்ளும். சிமுலேஷனில் பிரச்சினையே இல்லை. போர்டில் மணிக்கணக்கில் நன்றாக ஓடிவிட்டு, திடீரென நின்றுவிடும். ரீசெட் கொடுத்தால் மறுபடி ஓடும்.

முதல் வேலையாக டைமிங் ரிப்போர்ட்டைத் திறந்தேன். செட்டப், ஹோல்ட் இரண்டிலும் ஒரு மீறல்கூட இல்லை. மிக மோசமான பாதையிலும் 1 ns ஸ்லாக் மிச்சம் இருந்தது.

போர்டு கொடுத்தவர்களின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். "கிளாக்கைப் பாதியாக்கிப் பாருங்கள்" என்றார்கள். 50 MHz-இல் தொங்கலே இல்லை. "அப்படியானால் செட்டப் மீறல்தான், உங்கள் டிசைனைச் சரிபாருங்கள்" என்று சொல்லி டிக்கெட்டை மூடிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் மீறலே இல்லை என்று எழுதியதற்கு, போர்டைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். மாற்றிக் கொடுத்த போர்டும் அதே மாதிரி தொங்கியது.

கிளாக்கைக் குறைத்துப் பார்ப்பது நல்ல சோதனைதான். செட்டப் மீறல் என்றால் டேட்டா தாமதமாக வருகிறது. பீரியட் நீண்டால் சரியாகிவிடும். ஹோல்ட் மீறல் என்றால் கிளாக் விளிம்பு வந்த உடனேயே டேட்டா மாறிவிடுகிறது. அதற்கும் பீரியடுக்கும் சம்பந்தமில்லை, எவ்வளவு குறைத்தாலும் அப்படியே இருக்கும். ஆனால் கிளாக்கைக் குறைத்தால் குணமாகிற மூன்றாவது நோய் ஒன்று இருக்கிறது. அதை யாரும் சொல்லவில்லை.

சிப்புக்குள்ளேயே லாஜிக் அனலைசர் வைத்து, ஸ்டேட் மெஷின் நின்றவுடன் பிடிக்கச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒன்-ஹாட் ஸ்டேட் மெஷின் அது. எப்போதும் ஒரே ஒரு பிட் 1 ஆக இருக்க வேண்டும். பிடித்த படத்தில் எல்லாப் பிட்களும் 0. காத்திருக்கும் ஸ்டேட்டின் பிட் அணைந்துவிட்டது, அடுத்த ஸ்டேட்டின் பிட் ஏறவில்லை. அதாவது ஒரே சிக்னலை ஒரு ஃபிளிப்-ஃபிளாப் 1 என்றும் பக்கத்தில் இருப்பது 0 என்றும் படித்திருக்கிறது.

பழைய கோடில் DRDY நேராக ஸ்டேட் மெஷினுக்குப் போகவில்லை. நடுவே ஒரு ஃபிளிப்-ஃபிளாப் இருந்தது. வெளிப் பின்னிலிருந்து அந்த ஃபிளிப்-ஃபிளாப் வரையிலான பாதைக்கு `set_false_path` போட்டிருந்தது. அது தப்பில்லை, எப்போது மாறும் என்றே தெரியாத சிக்னலுக்கு டைமிங் கணக்குப் போட முடியாது. ஆனால் ரிப்போர்ட் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை என்பதும் அதன் பொருள். DRDY எப்போதாவது செட்டப்-ஹோல்ட் ஜன்னலுக்குள் மாறியே தீரும். அங்கே மீறல் நடப்பது உறுதி, தடுக்க வழியில்லை.

மீறினால் உள்ளே என்ன ஆகிறது? ஃபிளிப்-ஃபிளாப்பின் நினைவு என்பது ஒன்றையொன்று ஓட்டும் இரண்டு இன்வெர்ட்டர்கள். கிளாக் விளிம்பில் உள்வரும் கதவு மூடி, அந்த வளையம் தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது. கதவு மூடும் நேரத்தில் உள்முனையின் வோல்டேஜ் பாதி வழியில் இருந்தால், இரண்டு இன்வெர்ட்டர்களும் நடுவோல்டேஜில் சமமாகத் தள்ளிக்கொண்டு நிற்கும். இதுதான் மெட்டாஸ்டேபிள் நிலை. நடுப்புள்ளியிலிருந்து விலகிய அந்தக் கொஞ்சூண்டு வித்தியாசம் அடுக்குக்குறி வேகத்தில் பெருகி, கடைசியில் 0 அல்லது 1 என்று முடிவாகும். ஆரம்ப வித்தியாசம் எவ்வளவு சின்னதோ, முடிவு அவ்வளவு தாமதம். இந்தத் தாமதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. நேரம் கூடக்கூட, இன்னும் முடிவாகாமல் இருக்கும் வாய்ப்புதான் வேகமாகச் சரியும்.

அப்படித் தாமதமாக முடிவான வெளியீடு, கிளாக் விளிம்புக்கு முன்னால் ஒரு ஸ்டேட் பிட்டுக்குப் போய்ச் சேர்ந்து, இன்னொன்றுக்குப் பிந்திப் போயிருக்கிறது. முழுக்க 0 ஆன அந்தப் படம் இதனால்தான்.

அந்த 1 ns ஸ்லாக்கின் உண்மையான அர்த்தம் அப்போதுதான் உறைத்தது. மிக மோசமான பாதை இந்த ஃபிளிப்-ஃபிளாப்பிலிருந்துதான் கிளம்பியது. அந்த ஸ்லாக்தான் முடிவெடுக்க அதற்குக் கிடைக்கும் முழு அவகாசம். ஒரு தொங்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கான கணக்கு இது:

```
MTBF = e^(tr/τ) / (Tw × fc × fd)
```

tr அவகாசம், τ வளையத்தின் வேகத்தைச் சொல்லும் காலமாறிலி, Tw ஆபத்தான ஜன்னலின் அளவு, fc கிளாக், fd டேட்டா மாறும் வேகம். τ, Tw இரண்டும் சிப்புக்குச் சிப்பு மாறும்; உதாரணத்துக்கு τ = 50 ps, Tw = 100 ps என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பது விநாடிக்கு 10,000. tr = 1 ns என்றால் மேலே e^20, ஏறக்குறைய 48.5 கோடி. வகுத்தால் சுமார் 48,500 விநாடி, அதாவது பதின்மூன்றரை மணி நேரம். நான் பார்த்துக்கொண்டிருந்த தொங்கலும் ஏறக்குறைய இதே ரகம்.

இதைவிட வயிற்றெரிச்சல் வேறொன்று. ஸ்லாக் 1.2 ns ஆனால் அதே கணக்கு ஒரு மாதம் என்கிறது. 0.8 ns ஆனால் கால் மணி நேரம். சம்பந்தமே இல்லாத எதையோ மாற்றி மறுபடி பில்ட் செய்தபோதெல்லாம் தொங்கல் "சரியானது" போலவும் "மோசமானது" போலவும் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். 50 MHz-இல் காணாமல் போனதும் இதனால்தான்: அவகாசம் 10 ns கூடிவிட்டது. ஒரு பில்ட் வாரக்கணக்கில் நன்றாக ஓடியது என்பதை மட்டும் வைத்துப் பிரச்சினை தீர்ந்ததாக எழுதிவிடாதீர்கள்.

தீர்வு இன்னொரு ஃபிளிப்-ஃபிளாப்.

```verilog
(* ASYNC_REG = "TRUE" *) reg s1, s2;
always @(posedge clk) begin
    s1 <= drdy;
    s2 <= s1;
end
```

`s1`-க்கும் `s2`-க்கும் நடுவே லாஜிக் எதுவும் இல்லை, அதனால் கிட்டத்தட்ட முழுப் பீரியடும் `s1` முடிவெடுக்கக் கிடைக்கிறது. 2 ns கிடைத்தாலே மேலே சொன்ன கணக்கு ஏழு லட்சம் ஆண்டுகளைத் தாண்டும். இங்கே 9 ns அளவுக்கு இருக்கிறது. விலை, ஒரு கிளாக் கூடுதல் தாமதம்.

`ASYNC_REG` வரியை விட்டுவிடாதீர்கள். விவாடோவில் அதுதான் இரண்டையும் அருகருகே வைக்கச் சொல்கிறது. இல்லாவிட்டால் டூல் அவற்றைச் சிப்பின் இரண்டு மூலைகளில் வைக்கலாம். வயர் தாமதமே அவகாசத்தைத் தின்றுவிடும். `s1`-இன் வெளியீட்டை `s2` தவிர வேறு எங்கும் எடுக்கக் கூடாது. டேட்டா பஸ்ஸுக்கும் பிட் பிட்டாக இதே ஜோடியைப் போடலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பிட்டும் வெவ்வேறு கிளாக் விளிம்பில் வந்து சேரலாம். DRDY-ஐ மட்டும் கடத்தி, அது வந்து சேரும் வரை டேட்டா அசையாமல் நிற்கிறதா என்று ஏ.டி.சி.யின் டேட்டாஷீட்டில் பாருங்கள்.

இப்போது ஒவ்வொரு பில்ட்டுக்கும் டைமிங் ரிப்போர்ட்டோடு, கிளாக் எல்லை தாண்டும் சிக்னல்களைச் சோதிக்கும் `report_cdc`-யும் ஓட்டுகிறேன். பழைய பில்ட்டில் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, மூடப்பட்ட அந்த டிக்கெட்டை மறுபடி திறந்து அதன் வெளியீட்டை அப்படியே ஒட்டி அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.