முகவரி ஸ்டிக்கரும் நகர்ந்துபோன 4 மி.மீ.யும்

தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில் 185 தபாலில் போக வேண்டியிருந்தது. ஏ4 ஸ்டிக்கர் ஷீட் பத்து வாங்கினேன், ஒரு ஷீட்டில் 3 பத்தி, 7 வரிசை, மொத்தம் 21 ஸ்டிக்கர். ஒன்பது ஷீட் வேலைக்கு, ஒன்றே ஒன்றுதான் வீணாகலாம்.

முதலில் அளவு. ஒரு ஸ்டிக்கரை மட்டும் ஸ்கேலில் அளந்தால் உயரம் 38 மி.மீ. என்றுதான் தெரியும். முதல் வரிசையின் மேல் விளிம்பிலிருந்து ஏழாம் வரிசையின் மேல் விளிம்பு வரை அளந்து ஆறால் வகுத்தேன், 38.1 வந்தது. அந்த 0.1 கடைசி வரிசைக்குள் அரை மி.மீ.க்கு மேல் சேர்ந்துவிடும். அகலவாக்கில் ஒரு பத்தியின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் 66, ஸ்டிக்கர் 63.5, மீதி 2.5 இடைவெளி.

முகவரிகள் தமிழில் இருந்ததால் எழுத்து உடையாமல் வர, பைத்தானில் HTML எழுதி WeasyPrint வழியாகப் பிடிஎஃப் ஆக்கினேன். பக்க மார்ஜின் பூஜ்யம், ஒவ்வொரு பெட்டியின் இடமும் மி.மீ.யில்:

```python
left = 7.25 + col * 66
top = 15.15 + row * 38.1
```

சோதனைக்குப் பெட்டிகளின் கோட்டோடு வெள்ளைத்தாளில் அச்சிட்டு, ஸ்டிக்கர் ஷீட்டின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடு வரிசை கச்சிதம், ஆனால் மேல் வரிசை 4 மி.மீ. இறங்கியிருந்தது. சரி என்று எல்லாவற்றையும் 4 மி.மீ. மேலே ஏற்றினால் மேல் வரிசை பொருந்தியது, கீழ் வரிசை 8 மி.மீ. ஏறிவிட்டது! அப்போதுதான் பிடிபட்டது, இது இடம் நகர்ந்த பிரச்சினையே இல்லை, பக்கம் முழுக்க நடுவை நோக்கிச் சுருங்கியிருக்கிறது. பிடிஎஃபில் 100 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டு அச்சிட்டு அளந்தேன், 97 தான் இருந்தது. அச்சிடும்போது வரும் பெட்டியில் `Fit` தேர்வாகியிருந்தது, `Actual size` ஆக்கியதும் கோடு 100க்கு வந்தது. ஏற்றிய 4 மி.மீ.யையும் பழையபடி இறக்கினேன்.

அப்புறமும் 21 பெட்டியும் ஒரே மாதிரி 1.5 மி.மீ. வலப்பக்கம் தள்ளி இருந்தன. எல்லாம் சம அளவில் தள்ளினால் அது பிரிண்டர் தாளை இழுக்கும் விதம், கணக்கில் தப்பில்லை. 7.25ஐ 5.75 ஆக்கினேன், அவ்வளவுதான். ஆனால் இந்தத் திருத்தம் இந்தப் பிரிண்டருக்கு மட்டும்தான், வேறொன்றில் அச்சிட்டால் மறுபடி வெள்ளைத்தாளில் பார்த்தே ஆக வேண்டும்.

ஒவ்வொரு தாளும் கொஞ்சம் முன்பின் போகும் என்பதால் எழுத்துக்கும் ஸ்டிக்கர் விளிம்புக்கும் 4 மி.மீ. விட்டு, கோடுகளை எடுத்துவிட்டு, ஷீட்டை ஒவ்வொன்றாகத்தான் கொடுத்தேன். ஒன்பதாவது ஷீட்டில் நான்கு ஸ்டிக்கர் மிஞ்சியது. உரித்த ஷீட்டை மறுபடி லேசர் பிரிண்டருக்குள் விட்டால் மிச்ச ஸ்டிக்கர் சூட்டில் கழன்று உருளையில் ஒட்டிக்கொள்ளலாம், அதனால் கடைசி நேரத்தில் அம்மா சொன்ன மூன்று முகவரியை அவற்றில் பேனாவால் எழுதி ஒட்டினேன்.