சிவப்புப் பள்ளிவாசல் படத்திலிருந்து கைவண்டியை எடுத்த கதை

கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் நின்று சிவப்புப் பள்ளிவாசலைப் படமெடுத்தவர்களுக்குத் தெரியும், கட்டடம் மட்டும் தனியாகக் கிடைக்கவே கிடைக்காது. ஓட்டோ, கைவண்டி, மூட்டை தூக்கும் நாட்டாமிமார், மேலே குறுக்கும் நெடுக்குமாக வயர். திருகோணமலையிலிருந்து வந்திருந்த மச்சாளும் அவளுடைய மகனும் அதற்கு முன்னால் நின்று எடுத்த படத்தில் இது எல்லாமே இருந்தது. அவளுக்கு அதைப் பெரிதாக பிரின்ட் போட்டு வீட்டில் மாட்டவேண்டும். "இந்த வண்டியையும் வயரையும் எடுக்கேலாதோ?" என்று கேட்டாள். என்னிடம் கணினி இல்லை, போனில் படம் திருத்தும் ஸ்னாப்சீட் என்ற ஆப் இருந்தது, அதிலேயே செய்தேன். ஆண்ட்ராய்ட் போனில் செய்தது. ஐபோனுக்கு 2025இல் வந்த புதிய பதிப்பில் மெனுக்களின் அமைப்பு மாறியிருக்கிறது, அதனால் அங்கே பட்டன்கள் வேறு இடத்தில் இருக்கலாம்.

முதலில் ஒரு விஷயம். இந்தப் பள்ளிவாசலின் சுவர் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள், வளைவுகள், சின்னச் சின்ன ஜன்னல்கள். ஸ்னாப்சீட்டில் தேவையில்லாததை அழிக்க எல்லோரும் போவது Healing என்ற கருவிக்குத்தான். விரலால் தேய்த்தால் அந்த இடத்தைப் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு துண்டால் நிரப்பும். எந்தத் துண்டை எடுப்பது என்பதை அதுவே முடிவு செய்கிறது, நாம் காட்ட வழியில்லை. வானம், மணல், புல், தார் ரோட் என்றால் எந்தத் துண்டு வந்தாலும் பரவாயில்லை. கோடு போட்ட சுவரில் அப்படி இல்லை. ஒரு கோடு பாதியில் முறிந்தாலே கண் அங்கேதான் போய் நிற்கும். கைவண்டி மறைத்திருந்தது கீழ்த்தளத்து வளைவு ஒன்றின் பாதியை. அதில் Healing போட்டுப் பார்த்தால் வளைவு கரைந்து, சிவப்பும் வெள்ளையும் கலந்த ஒரு குழம்பு வந்தது. வண்டிக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது அந்தப் படத்தில் எங்கேயுமே இல்லை, பிறகு எப்படி வரும்?

ஆனால் அதே இடத்தில் நின்று தொடர்ந்து எடுத்த இன்னொரு படம் இருந்தது. அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது, வளைவு முழுதாகத் தெரிகிறது. அந்தப் படத்தில் மகன் கண்ணை மூடிக்கொண்டு எங்கேயோ திரும்பியிருக்கிறான் என்பதால் அதை அப்படியே பயன்படுத்த முடியாது. ஆக நல்ல முகங்கள் ஒரு படத்தில், நல்ல சுவர் இன்னொன்றில். இந்த இரண்டையும் சேர்க்கத்தான் Double Exposure. இதை ஏதோ கலைப்படம் பண்ணுகிற கருவி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், மலைக்குள் முகம் தெரிகிற மாதிரியான படங்களுக்கு. பின்னணி திருத்த இதைவிட நல்லது அந்த ஆப்பில் இல்லை என்பேன்.

முகங்கள் நன்றாக இருக்கிற படத்தைத் திறந்தேன். அதில் நிறம், வெளிச்சம், கிராப் எதையும் தொடவில்லை. தொட்டால் இரண்டாவது படத்தோடு அளவும் நிறமும் பொருந்தாது. Tools போய் Double Exposure, கீழே படம் சேர்க்கும் குறியைத் தட்டி இரண்டாவது படத்தை எடுத்தேன். இரண்டும் ஒரே போனில் ஒரே அளவில் எடுத்தவை என்பதால் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தது. கிட்டத்தட்டதான். கையில் பிடித்து எடுத்த படம், கொஞ்சம் ஆடியிருக்கும்.

இந்தப் பொருத்தும் வேலைக்குத்தான் அதிக நேரம் போனது. இரண்டாவது படம் பாதி தெரிகிற நிலையில் இருக்கும்போது, ஒரு விரலால் நகர்த்தி, இரண்டு விரலால் பெரிதாக்கி, திருப்பிப் பொருத்தவேண்டும். இங்கே கோடு போட்ட சுவர் உதவிக்கு வந்தது. பொருந்தாதபோது எல்லாக் கோடும் இரட்டையாக, மங்கலாகத் தெரியும்; பொருந்தியதும் பட்டென்று கூர்மையாகிவிடும். முழுப்படத்தையும் பொருத்தப் பார்க்காதீர்கள், அது நடக்காது. நான் இரண்டு படத்துக்கும் இடையில் ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்திருந்தாலும், பக்கத்தில் இருக்கிற தரை நிறைய நகரும், தூரத்துச் சுவர் கொஞ்சம்தான் நகரும். சுவரைப் பொருத்தினால் தரை பொருந்தாது, தரையைப் பொருத்தினால் சுவர் போய்விடும். எனக்கு வேண்டியது வண்டி மறைத்த வளைவு மட்டும். அதனால் அந்த வளைவின் உச்சியையும் அதற்கு மேலே இருந்த ஜன்னலின் மூலையையும் பிடித்துக்கொண்டு பொருத்தினேன். மற்ற இடங்கள் எப்படிப் போனாலும் கவலையில்லை.

கலக்கும் முறைகள் என்று Default, Lighten, Darken போன்றவை இருக்கின்றன. Lighten போட்டால் இரண்டு படத்திலும் எது வெளிச்சமோ அதுதான் தெரியும், எனவே வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருக்கிற கறுப்பு உருவம் தானாகவே மறைந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். வெறும் வெள்ளைச் சுவருக்கு அது சரி. சிவப்புக் கோட்டில் வண்டியின் வெள்ளைப் பெட்டி இருந்தால் பெட்டிதான் ஜெயிக்கும். Default ஐயே வைத்துக்கொண்டு, துளி வடிவக் குறியைத் தட்டி ஸ்லைடரை வலப்பக்கம் கடைசி வரை இழுத்தேன். இப்போது இரண்டாவது படம் முதலாவதை முழுசாக மூடிவிடும், கண்ணை மூடின மகன்தான் தெரிவான். பயப்படத் தேவையில்லை, டிக் போடுங்கள்.

அடுத்து, மேலே அடுக்கு மாதிரி இருக்கிற குறியைத் தட்டி View edits. அதில் Double Exposure என்ற வரியைத் தொட்டால் பக்கத்தில் மூன்று குறிகள் வரும், அதில் தூரிகையை எடுக்கவேண்டும். எடுத்ததும் முதல் படம் திரும்பி வந்துவிடும். கீழே 100 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வண்டியின்மேல் விரலால் தேய்க்கத் தேய்க்க வண்டி போய் வளைவு வரும். தேய்த்த இடம் சிவப்பாகத் தெரியும். சுவரும் சிவப்பு என்பதால் எனக்கு அது தொல்லையாக இருந்தது, கண் குறியைத் தட்டி அந்தச் சிவப்பை மறைத்துவிட்டேன். தூரிகைக்குத் தனியாக அளவு கிடையாது. படத்தைப் பெரிதாக்கினால் விரல்பட்ட இடம் சின்னதாகும், அவ்வளவுதான். மகனின் தோள் பக்கம் போகும்போது நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு தேய்க்கவேண்டும், ஏனென்றால் கொஞ்சம் தாண்டினால் மற்றப் படத்தில் இருக்கிற அவனுடைய கை அரைகுறையாக இங்கே முளைக்கும். அப்படி முளைத்தால் கீழே அம்புக்குறியால் 100ஐ 0க்குக் கொண்டுவந்து அந்த இடத்தைத் தேய்த்தால் பழையபடி ஆகிவிடும்.

வண்டி போனபிறகும் அதன் நிழல் தரையில் கிடந்தது. தரை பொருந்தாது என்று சொன்னேன் அல்லவா, அதனால் தூரிகையைச் சுவரின் அடியோடு நிறுத்திவிட்டேன். நிழலை Healing பார்த்துக்கொள்ளட்டும், அது வெறும் தார் ரோட்தானே. இரண்டு படத்துக்கும் இடையில் மேகம் மறைத்தோ, போன் தானாக வெளிச்சத்தை மாற்றியோ இருந்தால் ஒட்டிய துண்டு மட்டும் தனியாக வெளுப்பாகத் தெரியும். எனக்கு லேசாக அந்தப் பிரச்சினை இருந்தது. இரண்டாவது படத்தைத் தனியாகத் திறந்து, Tune Image இல் Brightness ஐக் கொஞ்சம் குறைத்து, தனிப் பிரதியாகச் சேமித்து, அதைக் கொண்டுவந்து மறுபடி பொருத்தினேன். எடுக்கும்போதே திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி வைத்தால் இந்த வேலை மிச்சம்.

அப்புறம் Healing. நிழல் சுலபமாகப் போனது. வயர்தான் விஷயம். நீளமான வயரை ஒரே இழுப்பில் தேய்த்தால், அது குவிமாடத்தையும் கடந்து போவதால், வானத்தில் குவிமாடத்தின் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். வயரின் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மட்டும் விரல் படும்படி பெரிதாக்கிக்கொண்டு, வானத்தில் இருக்கிற பகுதியைச் சின்னச் சின்னத் துண்டாகத் தேய்த்தேன். கட்டடத்துக்கு மிக அருகில் வந்ததும் நிறுத்திவிட்டேன். சரியில்லாத தேய்ப்பை உடனே கீழே இருக்கிற பின்னோக்கிய அம்புக்குறியால் எடுத்துவிடவேண்டும், அதன்மேலேயே திரும்பத் திரும்பத் தேய்த்தால் அந்த இடம் மழமழவென்று ஆகி, பக்கத்தில் இருக்கிற புள்ளி புள்ளியான வானத்தோடு சேராது. கட்டடத்தின்மேல் போகிற வயரை அப்படியே விட்டேன். கோடுகளுக்கு நடுவில் அது இன்னொரு மெல்லிய கோடு, யாரும் பார்க்கப்போவதில்லை.

வானம் சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி. Healing முடிந்ததும் அதே ஆப்பில் இருக்கிற Drama என்ற கருவியைத் திறந்து பாருங்கள். தேய்த்த தடம் இருந்தால் திட்டுத்திட்டாகத் துள்ளிக்கொண்டு தெரியும். பார்த்துவிட்டு X போட்டு வெளியே வந்து, அந்த இடங்களை மட்டும் மறுபடி தொடலாம். சாதாரணமாகப் பார்த்தால் போனில் தெரியாத தடம் பிரின்டில் தெரியும்.

தூரத்தில் ஒரு நாட்டாமி மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார். அவரை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கடைகளெல்லாம் திறந்திருக்கிற நேரத்தில் ஆளே இல்லாத புறக்கோட்டை என்றால் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள், போயா நாளிலாவது அப்படி இருக்கலாம்.

இனி வலது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஓட்டோவின் மூக்கு. அது இரண்டு படத்திலும் அதே இடத்தில் நிறுத்தி இருந்தது. எனவே Double Exposure உதவாது, பின்னால் கோடு போட்ட சுவர் என்பதால் Healing உம் உதவாது. ஆனால் மச்சாள் கேட்டது 8க்கு 12 அங்குலம். படம் 3000க்கு 4000 பிக்சல். 8க்கு 12 என்றால் 4000 உயரத்துக்கு 2667 அகலம்தான் வேண்டும், 333 பிக்சல் எப்படியும் வெட்டுப்படும். அந்த 333ஐ முழுசாக வலது பக்கத்திலிருந்தே எடுத்தேன், ஓட்டோவும் அதோடு போனது. அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 2400க்கு 3600 போதும் என்பதால் பிரின்டுக்குக் குறைச்சல் இல்லை. Settings இல் அளவைக் குறைக்காமல் JPG 100% வைத்து ஏற்றுமதி செய்து, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்பினேன். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்.